வீட்டில் இரண்டு மொழி, பேசத் தாமதிக்கும் குழந்தை: காரணம் மொழிதானா?

"குழந்தைக்கு இரண்டு வயது நிறைந்துவிட்டது. இன்னும் சரியாகப் பேசவில்லை. வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் குழம்பிவிட்டதோ?" எங்கள் பேச்சு, செவித்திறன் பிரிவுக்கு வரும் பெற்றோரில் பலர் முதலில் கேட்கும் கேள்வி இது. சிலர் கேள்வியாகக்கூடக் கேட்பதில்லை. "ஒரு மொழியை நிறுத்திவிட்டோம், அப்படியும் பேசவில்லை" என்று முடிவையும் சேர்த்தே சொல்கின்றனர்.

விடையை முதலிலேயே கூறிவிடலாம். இரண்டாவது மொழி குழந்தையின் பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை. இருமொழி வீட்டுக் குழந்தைகளும் ஒருமொழி வீட்டுக் குழந்தைகளைப் போலவே ஏறத்தாழ ஒரு வயதில் முதற்சொல்லைப் பேசுகின்றனர். இரண்டு வயதையொட்டி இரு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்குகின்றனர். இந்த விடைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. மொழி காரணமில்லை என்றால், உண்மையிலேயே பேசத் தாமதிக்கும் குழந்தைக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். பழியை மொழியின்மேல் போட்டுக் காத்திருக்கும் மாதங்களில் அந்தக் காரணம் கவனிக்கப்படாமல் போகிறது. இதனை விளக்க, வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி காணும் நிலைகளைச் சேர்த்து, ஒரே குழந்தையின் வரலாறாக இங்கே தருகிறோம்.

ஆறு மாத அமைதி

அந்த ஆண் குழந்தைக்கு இரண்டு வயது மூன்று மாதம். கோயம்புத்தூரில் தலைமுறைகளாக வாழும் தெலுங்குக் குடும்பத்தைச் சேர்ந்தவர் தாய். தந்தைக்குத் தமிழ். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் தாயின் அம்மா. குழந்தைக்கு அவர் அம்மம்மா. அவர் குழந்தையோடு பேசுவது தெலுங்கில் மட்டுமே. தந்தையும் அண்டை வீட்டாரும் தமிழில் பேசுவர்.

ஒன்றரை வயதில் குழந்தை ஐந்தாறு சொற்களே பேசியது. உறவினர் ஒருவர், "இரண்டு மொழி கேட்டால் எதைப் பேசுவது என்று அதற்கு எப்படித் தெரியும்?" என்றார். விளையாட்டுப் பள்ளியிலோ, எதிர்காலத்துக்கு உதவும் என்று ஆங்கிலத்தில் மட்டும் பேசச் சொன்னார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட அறிவுரையைப் பெற்றோர் ஏற்றனர். தாய் தெலுங்கை நிறுத்தி, தமக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எனவே குழந்தைக்குச் சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் அவர் பெரும்பாலும் பேசாமலேயே இருந்தார். அந்த இடத்தைக் கைப்பேசியில் ஓடும் ஆங்கிலப் பாடல்கள் நிரப்பின.

ஆறு மாதம் கழிந்தது. குழந்தையின் சொற்கள் பெருகவில்லை. "நான் பேசினால் என் பேரனுக்குக் கெடுதல் என்றார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டேன்" என்று அம்மம்மா எங்களிடம் சொன்னார்.

இந்த ஆறு மாதத்தில் நிகழ்ந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மொழிகளின் எண்ணிக்கை குறையவில்லை. தெலுங்கு போய் ஆங்கிலம் வந்தது, அவ்வளவே. குறைந்தது பேச்சு. நாளெல்லாம் குழந்தையின் அருகிலிருந்து, அது காட்டும் பொருளைப் பார்த்து, அதற்கு விடை சொல்லிக்கொண்டிருந்த ஒருவரின் குரல் நின்றுவிட்டது. திரையில் ஓடும் பாடல் அதற்கு ஈடாகாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாட்ரிசியா குல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு மாண்டரின் சீனம் பேசுவோர் 12 அமர்வுகள் நேரில் அமர்ந்து பேசி விளையாடினர். அக்குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகளிடமோ, ஒலிப்பதிவாக மட்டும் கேட்ட குழந்தைகளிடமோ அந்தக் கற்றல் நிகழவில்லை.

அந்த அச்சம் எங்கிருந்து வந்தது?

இருமொழி தீங்கு என்ற எண்ணத்துக்கு ஒரு காலத்தில் ஆய்வுகளே துணை நின்றன. 1923-இல் வேல்ஸ் நாட்டில் டி. ஜே. சேர் என்பவர் பள்ளிக் குழந்தைகளைச் சோதித்தார். நாட்டுப்புறத்தில் வாழ்ந்த இருமொழிக் குழந்தைகள் பின்தங்கியிருப்பதாக அவர் கண்டார். நகர்ப்புறக் குழந்தைகளிடம் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. வேறுபாட்டுக்குக் காரணம் இரண்டாவது மொழியா, வறுமையும் பள்ளி வசதியுமா என்ற கேள்வி அன்று சரியாகக் கேட்கப்படவில்லை. 1962-இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் ஆகிய இருவரும், குடும்ப வசதி ஒத்திருக்கும் குழந்தைகளைத் தேர்ந்து ஒப்பிட்டனர். இருமொழிக் குழந்தைகள் பின்தங்கவில்லை. பல சோதனைகளில் முன்னின்றனர். அறிவியல் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. பழைய அறிவுரை மட்டும் இன்றும் வாய்வழியாக வந்துகொண்டிருக்கிறது.

அது நிலைத்திருப்பதற்கு, கண்ணெதிரே தெரியும் ஒரு காட்சியும் காரணம். இருமொழிக் குழந்தை இரண்டையும் கலந்து பேசும். "நீள்ளு வேணும்" என்று கேட்கும். தண்ணீருக்குத் தெலுங்குச் சொல், வேண்டும் என்பதற்குத் தமிழ்ச் சொல். கேட்பவர் இதனைக் குழப்பம் என்று எண்ணுகிறார். உண்மையில் குழந்தை தன்னிடமுள்ள இரு சொற்களை எடுத்து, ஒழுங்கான வரிசையில் ஒரு தொடரை அமைத்திருக்கிறது. இரு மொழி அறிந்த பெரியவர்களும் நாள்தோறும் இப்படியே பேசுகின்றனர். கலந்து பேசுதல் நோயின் அறிகுறியன்று. அது இரு சொற்களை இணைக்கும் திறன் வந்துவிட்டதற்குச் சான்று.

சொற்களை எண்ணும் முறை

முதல் சந்திப்பில் தந்தை ஒரு தாள் கொண்டுவந்தார். அதில் குழந்தை பேசும் 14 தமிழ்ச் சொற்கள் இருந்தன. இரண்டு வயதில் ஏறத்தாழ 50 சொற்களையும், இரு சொற்களைச் சேர்த்துப் பேசும் திறனையும் எதிர்பார்க்கிறோம். 14 என்பது மிகக் குறைவு. ஆனால் அந்தத் தாள் பாதிக் கணக்குத்தான். இருமொழிக் குழந்தையின் சொல்வளம் இரு பாத்திரங்களில் பிரிந்து கிடக்கிறது. ஒன்றை மட்டும் அளந்தால் அளவு குறைவாகவே தெரியும்.

எனவே ஒரு வாரம் அவகாசம் தந்து, அம்மம்மாவையும் தாயையும் தனித்தனியே பட்டியல் எழுதச் சொன்னோம். குழந்தை தானாகப் பேசும் சொற்களை மட்டும் எழுத வேண்டும். சொல்லச் சொல்லித் திருப்பிச் சொல்பவை சேரா. உச்சரிப்பு முழுமையாக இல்லாவிட்டாலும், ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அது ஒரு சொல். நாயைக் கண்டால் "க்க" என்று எப்போதும் சொன்னால், அது தெலுங்கின் "குக்க" என்ற சொல்லாகக் கணக்கில் வரும்.

பட்டியல்கள் வந்தன. தமிழ் 14, தெலுங்கு 16, ஆங்கிலம் 5. மொத்தம் 35 சொற்கள். அடுத்து, குழந்தை எத்தனை பொருள்களை அறிந்து பெயரிடுகிறது என்று பார்த்தோம். "வா", "ரா" இரண்டும் ஒரே பொருள். "பாலு" என்ற சொல் பேச்சுத் தமிழிலும் உண்டு, தெலுங்கிலும் உண்டு. அது எந்த மொழி என்று வாதிடத் தேவையில்லை, பொருள் ஒன்றே. இவ்வாறு இருமுறை வந்தவை 8. அவற்றை நீக்கினால் 27 பொருள்கள் எஞ்சின.

இதே கணக்கால் அச்சம் நீங்கிச் செல்லும் குடும்பங்களும் உண்டு. இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று தமிழில் 30, தெலுங்கில் 28 என 58 சொற்கள் பேசுகிறது என்று கொள்வோம். தமிழை மட்டும் எண்ணியவர் தாமதம் என்று கவலைப்பட்டிருப்பார். இரண்டையும் சேர்த்தால், வயதுக்குரிய வளர்ச்சி தெரிகிறது. அக்குழந்தை இரு சொற்களையும் சேர்த்துப் பேசினால், கேட்கும் திறனிலும் ஐயமில்லை என்றால், சிகிச்சை தேவையில்லை.

நம் குழந்தையின் நிலை அதுவன்று. எல்லா மொழிகளையும் சேர்த்த பின்னும் 35 சொற்களே. இரு சொல் தொடர் எந்த மொழியிலும் இல்லை. ஒரு மொழியில் வளர்ந்து மற்றொன்றில் பின்தங்கினால், அந்த மொழியைக் கேட்கும் வாய்ப்புக் குறைவு என்று கொள்ளலாம். எல்லா மொழியிலும் ஒருசேரப் பின்தங்கினால் அது மெய்யான தாமதம். அதற்கு மொழிக்கு வெளியேதான் காரணம் தேட வேண்டும்.

காதைச் சோதித்தபோது

பேசத் தாமதிக்கும் எந்தக் குழந்தைக்கும் முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனை. பெற்றோர் தயங்கினர். "பிறந்தபோது சோதித்தார்கள், இயல்பு என்றார்கள். கதவு சாத்தினால் திரும்புகிறான்" என்றனர். இரண்டும் உண்மையே. ஆனால் பிறந்தபோது செய்த சோதனை அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். கதவு சாத்தும் ஓசை பலமானது. மிதமான செவிக்குறை உள்ள குழந்தையும் அதற்குத் திரும்பும்.

விசாரித்தபோது வேறு செய்திகள் வெளிவந்தன. ஓராண்டாக அடிக்கடி சளி. இரவில் குறட்டை, வாயைத் திறந்து மூச்சு விடுதல். பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் சில நாள் திரும்பும், சில நாள் திரும்பாது. அதனைப் பிடிவாதம் என்று வீட்டில் எண்ணியிருந்தனர்.

காதுக்குள் மெல்லிய அடைப்பானை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றி, செவிப்பறை எவ்வளவு அசைகிறது என்று அளக்கும் சோதனைக்கு டிம்பனோமெட்ரி என்று பெயர். வலியில்லை, சில வினாடிகளில் முடிந்துவிடும். இயல்பான காதில் மலை உச்சிபோல ஒரு வளைவு வரும். இக்குழந்தையின் இரு காதுகளிலும் கோடு தட்டையாக வந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவியில் நீர் தேங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள். அடுத்து, ஒலி புகாத அறையில் தாயின் மடியில் அமர்த்தி, ஓசை வரும் பக்கம் திரும்பினால் ஒளிரும் பொம்மையைக் காட்டிச் சோதித்தோம். 35 டெசிபல் அளவிலும் அதற்கு மேலும் வந்த ஓசைகளுக்கே குழந்தை திரும்பியது.

மெல்லக் கிசுகிசுப்பது ஏறத்தாழ 30 டெசிபல். அருகிலிருந்து இயல்பாகப் பேசுவது 60 டெசிபல். எனவே குழந்தைக்குப் பேச்சு கேட்காமல் இல்லை; விரலால் காதைப் பொத்திக்கொண்டு கேட்பதுபோல் கேட்டது. மடியில் இருக்கும்போது புரியும். அடுக்களையிலிருந்து சொன்னால் புரியாது. சொல்லின் கடைசி ஒலியும் மெலிந்த ஒலிகளும் நழுவும். மின்விசிறி ஓசையில் மேலும் குறையும். நடுச்செவி நீர் ஏறி இறங்கும் தன்மையுடையது. ஆதலால் ஒரு நாள் கேட்டது மறுநாள் கேட்காது. தெலுங்கானாலும் தமிழானாலும் இப்படிக் கேட்கும் காதுக்குச் சொற்கள் அரைகுறையாகவே போய்ச் சேரும்.

இவ்வாறு தேங்கும் நீர் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். எனவே உடனே அறுவை சிகிச்சை செய்வதில்லை. மூன்று மாதம் கவனித்து மீண்டும் சோதிப்பது வழக்கம். இக்குழந்தைக்கு மூன்று மாதத்துக்குப் பின்னும் கோடு தட்டையாகவே இருந்தது, செவித்திறனும் மாறவில்லை. காது, மூக்கு, தொண்டை மருத்துவர் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதை வீங்கியிருப்பதைக் கண்டார். மயக்க மருந்து தந்து அச்சதையை நீக்கி, இரு செவிப்பறைகளிலும் நீர் வடிவதற்கும் காற்றுப் புகுவதற்கும் குரோமெட் என்னும் நுண்ணிய குழாயைப் பொருத்தினார்.

வீட்டில் பேச்சு திரும்பியது

அந்த மூன்று மாதக் காத்திருப்பு வீணாகவில்லை. முதல் நாளே நாங்கள் கேட்டுக்கொண்டது, அம்மம்மா மீண்டும் தெலுங்கில் பேச வேண்டும் என்பதே. தாயும் தமக்கு இயல்பான தெலுங்குக்குத் திரும்பினார். தந்தை தமிழில் பேசினார். ஒருவர் ஒரு மொழி மட்டுமே பேச வேண்டும் என்று விதி வைக்கவில்லை. அவரவருக்குத் தடையின்றி வரும் மொழியில், குழந்தையோடு நிறையப் பேச வேண்டும் என்பதுதான் விதி.

பேசும் முறையில் மூன்று மாற்றங்களைச் சொன்னோம். முதலாவது, குழந்தையின் முகத்துக்கு நேராக, கையெட்டும் தூரத்தில் அமர்ந்து பேசுதல். பேசும்போது தொலைக்காட்சியை அணைத்துவிடுதல். இரண்டாவது, "இது என்ன? சொல்லு!" என்று தேர்வு வைக்காமல், குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசி, ஐந்து வினாடி பொறுத்திருத்தல். அந்த இடைவெளியில்தான் குழந்தை விடை தேடும். மூன்றாவது, குழந்தை சொன்னதோடு ஒரு சொல்லைக் கூட்டித் திருப்பித் தருதல். குழந்தை "க்க" என்றால், அம்மம்மா "அவுனு, பெத்த குக்க" என்பார். ஆம், பெரிய நாய் என்று பொருள். அதே நாயை மாலையில் தந்தையிடம் காட்டினால் அவர் "ஆமாம், பெரிய நாய்" என்பார். உச்சரிப்பைத் திருத்துவதில்லை; சரியான சொல் தானாகக் காதில் விழுகிறது. சோறு, குளியல், உடை மாற்றுதல் என ஏற்கெனவே நடக்கும் வேலைகளோடு இதனைச் சேர்த்தால், தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

எங்கள் பயிற்சியாளர்களுக்குத் தெலுங்கு சரளமாக வராது. அமர்வுகள் தமிழில் நடந்தன. அம்மம்மா உடனிருந்து பார்த்து, அதே முறையை வீட்டில் தெலுங்கில் செய்தார். சிகிச்சை அளிப்பவருக்கு ஒரு மொழி தெரியவில்லை என்பது, அந்த மொழியைக் குழந்தையிடமிருந்து நீக்குவதற்குக் காரணமாகாது.

மூன்று வயது நிறைந்தபோது குழந்தை மூன்று சொல் தொடர்களில் பேசியது. அம்மம்மாவிடம் தெலுங்கிலும் அப்பாவிடம் தமிழிலும். யாரிடம் எந்த மொழி என்பதை யாரும் கற்பிக்கவில்லை. ஆனால் முழுதும் ஈடுகட்டிவிட்டது என்று கூற முடியாது. சில ஒலிகள் தெளிவாக வரவில்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை பயிற்சிக்கு வருகிறது. தாமதத்துக்குக் காதின் நீர் மட்டுமே காரணம் என்றும் அறுதியிட இயலாது. நடுச்செவி நீர் இருந்தும் நன்கு பேசும் குழந்தைகள் உண்டு. காது, வீட்டில் குறைந்த பேச்சு, குழந்தையின் இயல்பு மூன்றும் சேர்ந்திருக்கலாம். சரிசெய்யக்கூடியவை சரிசெய்யப்பட்டன. ஆறு மாதம் முன்னதாகவே அவற்றைச் செய்திருக்க முடியும் என்பதுதான் வருத்தம்.

மற்றக் காரணங்கள் இருந்தால்?

எல்லாத் தாமதத்துக்கும் காது காரணமன்று. பிறவியிலேயே செவிக்குறை, ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, வேறு குறை ஏதுமின்றி மொழி மட்டும் பின்தங்கும் நிலை என்று காரணங்கள் பல. இத்தகைய குழந்தைக்காவது ஒரே மொழி போதாதா என்று பெற்றோர் கேட்கின்றனர். டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளிடமும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும் நடந்த ஆய்வுகளில், இரு மொழி கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு மொழி கேட்டு வளர்ந்தவர்களைவிடப் பின்தங்கியதாகத் தெரியவில்லை. குறைபாடு இருந்தால் அது இரு மொழியிலும் தெரியும். ஒரு மொழியை நீக்குவதால் அது நீங்காது. பாட்டியோடு பேசும் வழி மட்டுமே அடைபடும்.

எப்போது அழைத்து வர வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும், வீட்டில் எத்தனை மொழி பேசினாலும், காத்திருக்க வேண்டாம்.

- 12 மாதத்தில் மழலை ஒலி இல்லை. சுட்டிக் காட்டுதல், டாட்டா காட்டுதல் போன்ற சைகைகள் இல்லை.
- 16 மாதத்தில் எந்த மொழியிலும் ஒரு சொல்கூட இல்லை.
- 24 மாதத்தில், எல்லா மொழிகளையும் சேர்த்து எண்ணியும், சொற்கள் 50-க்கு வெகுவாகக் குறைவு; அல்லது தானாக இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை.
- பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, அல்லது சில நாள் மட்டுமே திரும்புகிறது.
- முன்பு பேசிய சொற்களோ செய்த சைகைகளோ எந்த வயதிலாயினும் மறைந்துவிட்டன.

வரும்போது ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சொற்பட்டியல் எழுதி வாருங்கள். பகலில் குழந்தையோடு அதிக நேரம் இருப்பவரையும் உடன் அழைத்து வாருங்கள். அவர் அறிந்தது பெற்றோருக்குத் தெரியாமல் இருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களிலும் இப்பரிசோதனைகளைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.

பரிசோதனை நாள் வரும்வரை வீட்டில் எந்த மொழியையும் நிறுத்த வேண்டாம்.